வைரல் படத்தில் இருப்பவரின் பெயரைப் போடும் முன்: ஒரு முழுமையான வழிகாட்டி

2017 ஆகஸ்ட் 11 இரவு, அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவாதிகள் தீப்பந்தம் ஏந்தி வெர்ஜீனியா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஊர்வலம் போனார்கள். அங்கே எடுத்த படம் ஒன்றில் தாடி வைத்த ஓர் ஆள் இருந்தார். சட்டையில் ‘ஆர்கன்சா இன்ஜினியரிங்’ என்று எழுதியிருந்தது. சமூக வலைதளத்தில் இருந்தவர்கள் ஆர்கன்சா பல்கலைக்கழக இணையதளத்தைத் தேடினார்கள். பொறியியல் துறையில் தாடி வைத்த ஓர் உதவிப் பேராசிரியர் கிடைத்தார். அவ்வளவுதான். அவர் பெயரும் வீட்டு முகவரியும் பரவின, வேலையை விட்டுத் தூக்கச் சொல்லிச் செய்திகள் குவிந்தன. மனைவியோடு அவர் நண்பர் வீட்டில் ஒளிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

ஊர்வலம் நடந்தபோது அவர் 1,600 கிலோமீட்டருக்கும் அப்பால், ஆர்கன்சாவில் ஓர் ஓவியக் காட்சியகத்தில் இருந்தார். படத்தில் இருந்தவர் வேறொருவர்.

புதிதாகப் பத்திரிகை டெஸ்க்குக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ஏனென்றால் அந்தப் பெயரைச் சொன்னவர்கள் ஒன்றும் சும்மா அடித்துவிடவில்லை. சட்டை பொருந்தியது, துறை பொருந்தியது, தாடி பொருந்தியது. பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். பொருந்தாமல் போக என்ன வழி என்று ஒருவரும் பார்க்கவில்லை. கீழே வரும் படிகள் அந்த இரண்டாவது கேள்விக்கானவை. வரிசையை மாற்றாதீர்கள். முகத்தை ஒப்பிடுவது ஆறாவதாக வருவதற்குக் காரணம் இருக்கிறது.

## 1. கைவைப்பதற்கு முன்: பெயர் தேவையா?

வேலை தொடங்கும் முன்பே நியூஸ் எடிட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: பெயர் இல்லாமல் இந்தச் செய்தி நிற்குமா? பெரும்பாலும் நிற்கும். வெள்ளத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒருவரின் படத்துக்கு அவர் பெயர் அழகு சேர்க்கும், ஆனால் கட்டாயமில்லை. அடித்த காவலரின் படத்துக்குப் பெயர்தான் செய்தியே.

சில பெயர்களைக் கண்டுபிடித்தாலும் போட முடியாது. இந்தியாவில் வழக்கில் சிக்கிய சிறார், பாதிக்கப்பட்ட சிறார் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை போடுகிறது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் விஷயத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும் இதே வேலையைச் செய்கின்றன. பெயர் மட்டுமல்ல, பள்ளிச் சீருடை, தெருப் பெயர், உறவினர் முகம் எல்லாம் அடையாளம்தான். மூன்று மணி நேரம் தேடிய பிறகு இது ஞாபகம் வருவதில் பயனில்லை.

பெயர் வேண்டும் என்று முடிவானால் இரண்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒன்று, ஒரு குறிப்புத் தாள். எந்த நேரத்தில் எங்கே பார்த்தீர்கள், யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்று வரிசையாக எழுத. இன்னொன்று, இந்தப் படத்தைப் பற்றி எதுவும் கேள்விப்படாத ஒரு சக ஊழியர். அவர் ஆறாவது படியில் வேண்டும். அதுவரை அவரிடம் வாயைத் திறக்காதீர்கள்.

## 2. படம் வேறு, பெயர் வேறு

தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் படத்தில் கண்ணால் தெரிவதை மட்டும் எழுதுங்கள்: தாடி, சட்டையில் எழுத்து, இரவு, கையில் தீப்பந்தம். வலப்பக்கம், படத்தோடு ஒட்டி வந்த சொற்களை எழுதுங்கள்: ‘இவர் இன்னார்’, ‘நேற்று நடந்தது’, ‘இந்த ஊரில்’.

சிறுபிள்ளை வேலை போலத் தோன்றும். ஆனால் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். படம் உண்மை என்று நிரூபித்ததும் பெயரும் உண்மை என்று மனம் நம்பிவிடுகிறது. சார்லட்ஸ்வில் படம் அசலான படம். அன்று இரவு, அந்த இடத்தில், அந்த ஆளை எடுத்ததுதான். வலப்பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் பொய்.

இடப்பக்கத்தில் எழுதும்போதே படம் கண்ணாடி பிம்பம்போலத் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். செல்ஃபி கேமராக்களில் சில, படத்தை இடவலமாகத் திருப்பியே சேமிக்கும். பெயர்ப்பலகை எழுத்தும் வண்டி எண்ணும் தெரிந்தால் கவலையில்லை. இல்லையென்றால் ஆண்கள் சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கலாம், வழக்கமாக அது இடது மார்பில் இருக்கும். சேலை முந்தானையும் உதவும், ஆனால் குஜராத்தி கட்டு வலது தோளில் வரும் என்பதை மறக்கக் கூடாது. திரும்பிய படம் என்று தெரியாமல் ‘மச்சம் இடது கன்னத்தில்’ என்று எழுதிவைத்தால் பிறகு சரியான ஆளையே தவறான ஆள் என்று தள்ளிவிடுவீர்கள்.

## 3. முதன்முதலில் போட்டது யார்?

முதலில் கண்முன் இருக்கும் பதிவைச் சேமியுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள், `web.archive.org/save` பக்கத்தில் கொடுத்து ஒரு நகலும் வைத்துக்கொள்ளுங்கள். தவறான பெயரோடு வந்த பதிவுகள்தான் முதலில் அழிக்கப்படும். பெயர் எங்கே பிறந்தது என்று பின்னால் தேட அவைதான் தடயம்.

அப்புறம், படத்தையே கொடுத்து அதை இணையத்தில் தேடும் தலைகீழ்ப் படத்தேடல். கூகுள் லென்ஸ் ஒத்த தோற்றமுள்ள வேறு படங்களையும் சேர்த்துக் கொண்டுவந்து கொட்டும். டின்ஐ அப்படியல்ல, அதே படத்தின் பிரதிகளைத்தான் தேடும். அதில் ‘Oldest’ என்று வரிசைப்படுத்தினால் அது கண்டவற்றில் பழைய பிரதி மேலே வரும். அது கண்டதில் பழையது, உலகத்தில் பழையது அல்ல. எனவே முடிவு எதுவும் வரவில்லை என்றால் ‘புதிய படம்’ என்று எழுதாதீர்கள். யாண்டெக்ஸிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். முழுப் படத்தையும் ஒருமுறை, பின்னணியை மட்டும் வெட்டி ஒருமுறை தேடினால் வேறு வேறு முடிவு வரும்.

முதலில் போட்டவரைக் கண்டுபிடித்தால், எடுத்தவர் அவர்தானா என்று கேளுங்கள். ஆமென்றால் இரண்டு விஷயம் வாங்குங்கள்: மூலக் கோப்பு, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள். எடுத்தவரிடம் அநேகமாக ஒரு படம் மட்டும் இருக்காது. ஒரே ஒரு படம்தான் இருக்கிறது, அதுவும் வாட்ஸ்அப்பில் வந்த அளவில் இருக்கிறது என்றால் அநேகமாக அவர் எடுத்தவர் இல்லை.

மூலக் கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொன்னால், எடுத்த நேரம் போலக் கோப்புக்குள் பதிந்திருக்கும் விவரங்கள், அதாவது மெட்டாடேட்டா, போய்விடும். ‘டாக்குமென்ட்டா அனுப்புங்க அண்ணே’ என்று சொல்ல வேண்டும், அல்லது மின்னஞ்சலில் வாங்க வேண்டும். வந்ததும், மெட்டாடேட்டாவைப் படித்துக் காட்டும் exiftool நிரலில்:

```
exiftool -a -G1 -s padam.jpg
```

இதில் பார்க்க வேண்டியது `DateTimeOriginal` என்ற வரி, படம் எடுத்த நேரம் அதில் இருக்கும். `FileModifyDate` என்று ஒன்றும் வரும். அது பெரும்பாலும் கோப்பு உங்கள் கணினியில் இறங்கிய நேரம். ‘சார், இன்னைக்குக் காலையில எடுத்த படம்தான், கன்ஃபர்ம்’ என்று இந்த வரியைக் காட்டி என்னிடம் வந்தவர்கள் மூன்று பேராவது இருப்பார்கள். கேமராவின் கடிகாரமே தவறாக இருக்கலாம், மெட்டாடேட்டாவை மாற்றவும் முடியும். ஆகவே இதுவும் ஒரு சாட்சிதான், தீர்ப்பு அல்ல.

## 4. இடமும் நேரமும்: ஆளைத் தேடும் முன் ஏன்?

எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று தெரியாமல் ஆளைத் தேடினால், கிடைக்கும் எந்தப் பெயரையும் சோதிக்க முடியாது. தெரிந்துவிட்டால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்வி போதும்: அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார்?

இதற்கு நல்ல உதாரணம் நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் எடுத்த முத்தப் படம். இரண்டாம் உலகப் போர் முடிந்த செய்தி வந்த 1945 ஆகஸ்ட் 14 அன்று, ஒரு கடற்படை வீரர் ஒரு பெண்ணை முத்தமிடுவதை ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டேட் எடுத்தார். பெயர்களைக் குறித்துக்கொள்ளவில்லை. 1980இல் ‘லைஃப்’ பத்திரிகை கேட்டபோது, அந்த வீரன் நான்தான் என்று 11 ஆண்களும், அந்தப் பெண் நான்தான் என்று 3 பெண்களும் வந்து நின்றார்கள். இத்தனை பேரின் முகத்தையும் வைத்து எத்தனை நாள் வாதாடுவது?

2015இல் டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழக இயற்பியலாளர் டொனால்ட் ஓல்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் முகங்களைத் தொடவே இல்லை. பின்னணியில் ஒரு கட்டடத்தின் மேல், எதிரே இருந்த ஹோட்டல் பெயர்ப்பலகையின் நிழல் விழுந்திருந்தது. பழைய வரைபடங்களையும் கட்டட உயரங்களையும் வைத்துக் கணக்குப் போட்டு, படம் எடுத்த நேரம் மாலை 5.51 என்று சொன்னார்கள். பிற்பகலிலேயே முத்தமிட்டதாகக் கதை சொன்னவர்களின் கூற்று அதோடு அடிபட்டுப் போனது. யார் என்று அந்த நிழல் சொல்லவில்லை, யார் இல்லை என்று சொன்னது. நமக்கு முதலில் வேண்டியதும் அதுதான்.

நீங்கள் இயற்பியலாளராக இருக்க வேண்டியதில்லை. இடத்தை, பின்னணியில் தெரியும் மாறாத பொருட்களை வைத்துப் பிடிக்கலாம்: கோபுரம், தண்ணீர்த் தொட்டி, பாலத்தின் வளைவு, மலைமுகடு. கூகுள் எர்த்தில் அதே கோணத்தைத் தேடிக் குறைந்தது மூன்று பொருளாவது பொருந்துகிறதா என்று பாருங்கள். நிழல் விழும் திசையை, சூரியன் எந்த நேரத்தில் எந்தத் திசையில் இருக்கும் என்று காட்டும் சன்கால்க் தளத்தில் இடத்தையும் தேதியையும் கொடுத்து ஒப்பிட்டால் நேரம் ஏறக்குறைய கிடைக்கும். அரை மணி நேரம் முன்பின் இருந்தாலும் நமக்குப் போதும்.

கடைப் பலகையும் சுவரொட்டியும் தேதிக்கு உதவும். ஆனால் சுவரொட்டி ஒரு தேதிக்கு முன்னால் இல்லை என்றுதான் நிரூபிக்கும். நம்மூரில் மாநாடு முடிந்து ஒரு வருடம் ஆனாலும் சுவரொட்டி சுவரிலேயேதான் இருக்கும்.

## 5. அதே நேரத்தில் எடுத்த மற்ற படங்கள்

இந்தப் படிக்கு ஒதுக்கும் நேரம் வீண்போகாது. ஒரு படத்தில் பாதி முகம்தான் தெரியும். அதே கூட்டத்தில் வேறொருவர் எடுத்த படத்தில் முழு முகமும், யாரோடு வந்தார், எந்த வண்டியில் ஏறினார் என்பதும் தெரியலாம். நேரலை வீடியோக்கள், கட்சிக்காரர்களின் முகநூல் ஆல்பங்கள், உள்ளூர் புகைப்படக்காரர் விற்காமல் வைத்திருக்கும் படங்கள் எல்லாவற்றையும் திரட்டுங்கள்.

திரட்டியதில் அந்த ஆளைப் பின்தொடர முகம் வேண்டாம், உடையையும் பொருளையும் பிடித்துக்கொள்ளுங்கள். செருப்பு, கைக்கடிகாரம் எந்தக் கையில், பையின் வார் எந்தத் தோளில், சட்டைக் கை எத்தனை மடிப்பு. ஒரு மணி நேரத்துக்குள் முகபாவம் நூறு தடவை மாறும். செருப்பு மாறாது.

இந்த முறையின் வலிமையைக் காட்டும் கதை, ஐவோ ஜிமா என்ற ஜப்பானியத் தீவின் மலையில் எடுத்த கொடிப்படம். 1945 பிப்ரவரி 23 அன்று ஜோ ரோசென்தால் எடுத்த அந்தப் படத்தில் ஆறு பேர் கொடிக்கம்பத்தை நிமிர்த்துகிறார்கள், முகங்கள் சரியாகத் தெரியாது. ஆறு பேரின் பெயரையும் அமெரிக்க ராணுவமே அறிவித்தது. ஒரு பெயர் தவறு என்று 1947இல் திருத்தினார்கள். அதற்குப் பிறகு பட்டியல் அப்படியே பாடப்புத்தகம், சிலை என்று போய்விட்டது.

2014இல் ஒமாகா வேர்ல்ட்-ஹெரால்ட் நாளிதழ், பொழுதுபோக்காக வரலாறு ஆராயும் இருவரின் சந்தேகத்தைச் செய்தியாக்கியது. அவர்கள் செய்தது எளிமையான வேலை. ஜான் பிராட்லி என்று பெயரிடப்பட்ட ஆளைப் பார்த்தார்கள். அதே நாளில் எடுத்த வேறு படங்களில் பிராட்லியின் பேன்ட் கால்விளிம்பு மடித்துவிடப்பட்டிருந்தது, கொடிப்படத்தில் இருந்தவருக்கு மடிப்பே இல்லை. பிராட்லி கடற்படையின் மருத்துவ உதவியாளர். கொடிப்படத்தில் இருந்தவரோ துப்பாக்கித் தோட்டா வைக்கும் இடுப்புவார் கட்டியிருந்தார். கடற்படைக் காலாட்படை இதை ஆராய்ந்து, 2016இல் பிராட்லி அந்தப் படத்தில் இல்லை, பட்டியலில் இல்லாத ஹெரால்ட் ஷுல்ட்ஸ்தான் ஆறு பேரில் ஒருவர் என்று அறிவித்தது. 2019இல் இன்னொரு பெயரும் மாறியது. பிராட்லி அந்த மலையில்தான் இருந்தார், அன்று முதலில் ஏற்றிய சிறிய கொடியோடு அவருக்குத் தொடர்பும் உண்டு. இடம் சரி, நாள் சரி, ஆள் மட்டும் வேறு. ‘அங்கே இருந்தார்’ என்பதற்கும் ‘படத்தில் இருக்கிறார்’ என்பதற்கும் உள்ள இடைவெளி இவ்வளவு மெல்லியது.

பொருத்தம் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். எல்லோரிடமும் இருக்கக்கூடிய பொருள் பொருந்தினால் அதற்கு மதிப்பில்லை. ‘ஆர்கன்சா இன்ஜினியரிங்’ சட்டையை அங்கே படித்தவர், படிப்பவர், வேலை செய்பவர், பழைய துணிக்கடையில் வாங்கியவர் என எத்தனையோ பேர் வைத்திருப்பார்கள். அது சுட்டியது ஒரு கூட்டத்தை, ஓர் ஆளை அல்ல. உடைந்த வார், தைத்த கிழிசல், பச்சை குத்தியதில் விட்டுப்போன ஒரு கோடு, இவைதான் கனமானவை.

## 6. பெயரின் ஊற்றுக்கண், பிறகு முகம்

இப்போது வலப்பக்கப் பெயருக்கு வருவோம். அந்தப் பெயரை முதன்முதலில் சொன்னவர் யார், எதை வைத்துச் சொன்னார்? எக்ஸ் தளத்தில் பெயரைப் போட்டு, கூடவே `until:2017-08-13` என்பதுபோல ஒரு தேதியைக் கொடுத்துப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் பெரும்பாலும் ஒரு கேள்விக்குறியில் போய் முட்டும். ‘இது அவரா இருக்குமோ?’ என்று ஒருவர் கேட்டிருப்பார். அடுத்தவர் கேள்விக்குறியை எடுத்துவிட்டுப் பகிர்ந்திருப்பார்.

பெயர் அரசாங்கத்திலிருந்து வந்திருந்தாலும் இதையே செய்யுங்கள். இலங்கையில் 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, ஏப்ரல் 25 அன்று காவல்துறை தேடப்படுவோர் ஆறு பேரின் படங்களை வெளியிட்டது. அதில் ஒரு பெயருக்கு நேராக இருந்த படம், அமெரிக்காவில் வாழும், இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண்ணுடையது. சம்பவத்தோடு அவருக்கு ஒரு தொடர்பும் இல்லை. தவறு என்று காவல்துறையே பிறகு ஒப்புக்கொண்டது. படத்தைத் தலைகீழ்ப் படத்தேடலில் போட்டிருந்தால் அவர் பொதுவெளியில் எழுதிப் பேசிவருபவர் என்பது தெரிந்திருக்கும். ‘போலீஸ் சொன்னது’ என்று போடுவது சட்டப்படி ஓரளவு காக்கலாம். படத்தில் இருப்பவரைக் காக்காது.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும்: பெயர் சரி, அதற்குத் தேடி எடுத்த படம் தவறு. 2009 ஜூனில் டெஹ்ரானில் சுடப்பட்டு இறந்த இளம்பெண்ணின் பெயரை முகநூலில் தேடி, ஏறக்குறைய அதே பெயர் கொண்ட ஒரு கல்லூரி ஆசிரியையின் படத்தை எடுத்து உலகமெங்கும் போட்டார்கள். உயிரோடு இருந்த அந்த ஆசிரியை கடைசியில் நாட்டைவிட்டே வெளியேறினார். சமூக வலைதளக் கணக்கின் பெயர் பொருந்துவது மிகப் பலவீனமான சான்று. தமிழ்நாட்டில் இன்னும் மோசம், நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ஒரே கல்லூரியில் நான்கு கார்த்திக்குகள், அதில் இரண்டு பேருக்கு ஒரே தலைப்பெழுத்து. நானே ஒருமுறை ஆளைச் சரியாகக் கண்டுபிடித்து, தலைப்பெழுத்தைத் தவறாகப் போட்டேன். அந்தத் தலைப்பெழுத்துக்குச் சொந்தக்காரர் அதே ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தவர். மறுநாள் அலுவலகத்துக்கு அப்பாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அதிலிருந்து தந்தை பெயர், வயது, ஊர் மூன்றும் கைக்கு வராமல் பெயரைப் பக்கத்துக்கு அனுப்புவதில்லை.

இனி முகம். பெயருக்குரியவரின் உறுதியான படங்கள், வெவ்வேறு காலத்தில் எடுத்தவை, நான்கைந்து வேண்டும். தாடி, முடி, எடை, கண்ணாடி இவற்றை விட்டுவிடுங்கள், இவை மாறுபவை. காதின் வடிவம், காதுமடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா, மச்சம், தழும்பு, பல்வரிசை ஆகியவற்றைப் பாருங்கள். ஒத்துப்போவதை எண்ணாமல், ஒத்துப்போகாத ஒன்றைத் தேடுங்கள். ஒரே ஒரு தழும்பு இல்லாமல் போனால், பத்து ஒற்றுமை இருந்தும் பயனில்லை.

முதலில் ஒதுக்கிவைத்தீர்களே, அந்தச் சக ஊழியரை இப்போது கூப்பிடுங்கள். வைரல் படத்தையும், ஏறக்குறைய அதே வயதுத் தோற்றமுள்ள ஐந்தாறு பேரின் படங்களையும், நடுவில் நம்முடைய ஆளின் படத்தையும் கொடுத்து, ‘இதில் யாராவது அவரா? ஒருவரும் இல்லை என்றாலும் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால் யாரையாவது ஒருவரைக் காட்டித்தான் தீருவார்.

மங்கலான முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் பக்கம் போகவே வேண்டாம். படத்தில் இல்லாத விவரத்தை அவை கற்பனையில் வரைகின்றன. தெளிவாக வருவது வேறொரு முகம். முகத்தேடல் தளங்கள் கொடுக்கும் முடிவும் அப்படித்தான், லட்சக்கணக்கான முகங்களில் அச்சு அசலாக ஒத்த ஒருவரைக் காட்டாமல் விடாது. துப்பாக வைத்துக்கொள்ளலாம், சான்றாக எழுதக் கூடாது.

## 7. தொலைபேசி

இதுவரை செய்தது எல்லாம் இந்த அழைப்புக்கான தயாரிப்பு. முதலில் அவரைத் தெரிந்தவர்களிடம் பேசுங்கள், கடைசியாக அவரிடம்.

தெரிந்தவரிடம் ‘இது உங்க ஃபிரெண்ட் இன்னார்தானே?’ என்று கேட்பதுதான் புதியவர்களின் வழக்கம். பதிலை நாமே ஊட்டிவிடுகிறோம். பெயர் சொல்லாமல், மேலே எழுதியிருக்கும் சொற்களை வெட்டிய படத்தை அனுப்பி, ‘இதில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருக்காங்களா தம்பி?’ என்று மட்டும் கேளுங்கள்.

பெயர் சொன்னால் அடுத்த கேள்வி, ‘எப்படித் தெரியும்?’ என்பது. ஒரு போராட்டப் படத்தில் இருந்த மாணவரை விடுதி நண்பர்கள் மூன்று பேர் உறுதி செய்ததாக எங்கள் நிருபர் சந்தோஷமாக வந்தார். திரும்பக் கூப்பிட்டு எப்படித் தெரியும் என்று கேட்கச் சொன்னேன். முதல் பையன், ‘குரூப்ல பேரோட வந்துச்சுண்ணே’ என்றான். மற்ற இருவரும் அதே குரூப். மூன்று சாட்சி இல்லை, ஒரே ஃபார்வர்டு மூன்று வாயில் வந்திருக்கிறது. ஒருவர் நேரில் அந்த இடத்தில் பார்த்திருக்க வேண்டும், அல்லது அந்தச் சட்டையை, அந்தத் தழும்பை முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு பேர், ஒருவரையொருவர் கலந்து பேசாதவர்கள், எங்கள் டெஸ்க்கில் குறைந்தபட்ச அளவு.

அப்புறம் அவரையே அழையுங்கள். எதற்காக அழைக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ‘11ஆம் தேதி இரவு பத்து மணி வாக்கில் எங்கே இருந்தீர்கள்?’ என்று நேரத்தோடு கேளுங்கள். நான்காவது படியில் நேரத்தைப் பிடித்திருந்தால்தான் இந்தக் கேள்வி சாத்தியம். ஆர்கன்சா பேராசிரியரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் காட்சியகம் என்று பதில் வந்திருக்கும். உடனிருந்த சக ஊழியரிடம் பேசிப் பத்து நிமிடத்தில் சரிபார்த்திருக்கலாம்.

மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டாம், மறுப்பைச் சரிபாருங்கள். ஒப்புக்கொண்டாலும் சரிபாருங்கள், டைம்ஸ் சதுக்கத்தில் 11 பேர் ஒப்புக்கொண்டதை மறக்கக் கூடாது. வைரலான படத்தில் இருப்பது பெருமை தருகிற விஷயமாக இருந்தால் பொய்யாக உரிமை கொண்டாட ஆள் வரும். படத்துக்கு வெளியே இருந்த ஒன்றைக் கேளுங்கள்: பக்கத்தில் யார் நின்றார், அடுத்து என்ன நடந்தது. ஐந்தாவது படியில் திரட்டிய படங்களில் விடை உங்கள் கையில் இருக்கும்.

அவர் எடுக்கவே இல்லை என்றால்? ‘தொடர்புகொள்ள முடியவில்லை’ என்ற வரி உறுதிப்படுத்தலுக்கு ஈடல்ல. மௌனத்தை ஆமென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

## 8. பக்கத்துக்கு அனுப்பும்போது

குறிப்புத் தாளை நியூஸ் எடிட்டர் முன் வைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: முக ஒற்றுமையை அடித்துவிட்டால் மீதி என்ன நிற்கிறது? இடமும் நேரமும் பொருந்துகின்றன, உடையோ பொருளோ தனித்துப் பொருந்துகிறது, சுயமாகத் தெரிந்த இருவர் சொல்லியிருக்கிறார்கள், அவரிடமே பேசியாயிற்று என்றால் பெயரைப் போடலாம். முகம் மட்டும்தான் நிற்கிறது என்றால் போடக் கூடாது.

இரண்டுக்கும் நடுவில் இருக்கும்போதுதான் ‘இவர் இன்னாராக இருக்கலாம் என்று கூறப்படுகிறது’ என்ற வரியை எழுதத் தோன்றும். அதை எழுதாதீர்கள். வாசகர் ‘கூறப்படுகிறது’ என்பதைப் படிப்பதில்லை, பெயரைத்தான் படிக்கிறார். பெயரில்லாமல், ‘ஆர்கன்சா இன்ஜினியரிங் என்று எழுதிய சட்டை அணிந்தவர்’ என்று விவரியுங்கள். ஆனால் அந்த விவரிப்பே வேறு யாரையாவது சுட்டிக்காட்டுமா என்றும் ஒருமுறை யோசியுங்கள். சட்டையைப் பற்றி எழுதினால் பல்கலைக்கழகத்தில் தாடி வைத்த அத்தனை பேருக்கும் தொல்லைதான். அப்படியானால் சட்டையையும் விட்டுவிட வேண்டியதுதான்.

பெயர் போடுகிறீர்கள் என்றால், எப்படி உறுதி செய்தீர்கள் என்று செய்தியிலேயே இரண்டு வரி எழுதுங்கள். தலைப்பெழுத்து, வயது, ஊர் மூன்றையும் சேருங்கள். அதே பெயர்காரர் ஒருவர் அன்று நிம்மதியாகக் கடை திறக்கலாம்.

## 9. தவறிவிட்டால்

பதிவைச் சத்தமில்லாமல் அழிப்பது மிக மோசமான வழி. ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே வெளியே போயிருக்கும், திருத்தம் மட்டும் எங்கும் இருக்காது. தவறான செய்தி எங்கெல்லாம் போனதோ, வாட்ஸ்அப் சேனல், முகநூல், அச்சுப் பக்கம் என அங்கெல்லாம் திருத்தம் போக வேண்டும்.

திருத்தம் எழுதும்போது அவருடைய படத்தைத் திரும்பவும் வைரல் படத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தேடலில் இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும். தலைப்பில் அவர் பெயர் வேண்டுமா என்பதை அவரிடமே கேளுங்கள். சிலர் தெளிவாகப் போடச் சொல்வார்கள், சிலர் பெயரே இனி எங்கும் வர வேண்டாம் என்பார்கள். எது சொன்னாலும் அதன்படி செய்யுங்கள், குறிப்புத் தாளில் எந்தப் படியைத் தாண்டிக் குதித்தீர்கள் என்று அன்றே எழுதி வையுங்கள்.